ஏழு பிரதிகளும் எழுபது வினாடிகளும்

‘வாக்-இன் இண்டர்வியூ’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் சூட்டலாம் என்று எங்கள் விடுதி அறையில் ஒரு நாள் விவாதம் நடந்தது. ‘நேர்முகத் தேர்வு’ என்றார் ஒரு நண்பர். அது எல்லாப் பேட்டிக்கும் பொதுவான பெயர். ‘அழைப்பில்லாப் பேட்டி’ என்றார் மதுரை நண்பர். கேட்பதற்குச் சற்று விரசமாக இருந்தாலும் பொருள் மிகச் சரி. கடிதம் எழுதி யாரும் நம்மை அழைப்பதில்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, குறித்த நாளில், குறித்த நேரத்திற்குள், கையில் காகிதக் கட்டோடு நாமே போய் நிற்க வேண்டும். விண்ணப்பம், சான்றிதழ்ச் சோதனை, பேட்டி மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடும். முன்னால் அனுப்பி வைத்த காகிதம் எதுவும் இல்லாததால், அன்று நம் கையில் உள்ளதும் நாவில் உள்ளதுமே நம்மைப் பற்றிய முழுச் செய்தி.

சென்ற கோடையில் தலைநகரின் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் இத்தகைய பேட்டி ஒன்றுக்குப் போனேன். வேதியியல் எம்.எஸ்ஸி. முடிவு அப்போதுதான் வந்திருந்தது. ஒரே ஓர் இடம். ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஓராண்டுத் தற்காலிகப் பணி. விளம்பரத்தில் கண்டபடி மாதம் 25,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் என் தந்தைக்கு அந்த ஆண்டுதான் தங்கையைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய ஆண்டு. விடுதியைக் காலி செய்ய எனக்கு மூன்று வாரத் தவணை. வேலை கிடைத்தால் தில்லி. இல்லையேல் ரயிலேறி ஊர். ஆகவே அந்த விளம்பரத்தை நான் வரி வரியாகப் படித்தேன் என்று சொல்லவும் வேண்டுமோ? அதற்காக நான் தயாரித்த ஏழு பிரதிகளையும் எழுபது வினாடிப் பேச்சையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். அடுத்த ஆண்டு இதே படிகளில் ஏறப்போகும் சங்கத்துத் தம்பி தங்கையருக்குப் பயன்படலாம்.

முதலில் பெயர். சிரிக்காதீர்கள், தமிழனுக்கு வடக்கே வந்த பிறகு முதல் சிக்கலே பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் ‘கதிரவன் எஸ்’. ஆதார் அட்டையில் ‘கதிரவன் செல்லமுத்து’. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று படிவம் அடம் பிடித்ததால் அங்கும் செல்லமுத்து. சான்றிதழ் சோதிக்கும் மேசையில் இருப்பவருக்கு இது இரண்டு ஆள்களின் கதை. விடுதி அலுவலகத்தில் என்னை ‘மிஸ்டர் எஸ்’ என்று அழைப்பவர்களும் உண்டு.

இதற்கு நான் கண்ட வழி எளியது. விவரத்தாளின் தலையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதினேன். விண்ணப்பப் படிவத்திலும் அதுவே. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘எஸ் என்பது தந்தையின் பெயரான செல்லமுத்து; அடையாள அட்டையில் விரிவாக உள்ளது’ என்று ஒரே ஒரு வரி. மேசைக்காரர் அட்டையையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தும்போது, அந்த வரியை விரலால் சுட்டிக் காட்டினால் போதும். எழுத்துகளே மாறியிருந்தால், அதாவது ஒரு சான்றிதழில் ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ இருந்தால், இந்த வரி உதவாது. அதற்கு முன்கூட்டியே அலுவலகத்தில் திருத்தம் வாங்க வேண்டும்.

அடுத்து விவரத்தாளின் உள்ளடக்கம். எனக்கு இரண்டு பக்கம் போதுமாயிருந்தது. ‘வாழ்க்கைக் குறிக்கோள்’ என்று நான்கு வரி எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டேன். பொழுதுபோக்கும் போயிற்று. அந்த இடத்தை எதற்குக் கொடுத்தேன் என்றால், கருவிகளுக்கு. ஆய்வுக்கூடத்தார் தேடுவது கருவி தெரிந்த கைகளை. நம் மாணவர் பலர் ஆறு ஏழு கருவிகளின் பெயரை ஒரே வரியில் அடுக்குவார்கள். அவற்றில் பாதியை அவர்கள் கண்ணால் கண்டதுகூட இராது. மாதிரிப் பொடியைச் சிறு குப்பியில் போட்டு வேறு துறைக்கு அனுப்பி, வரைபடத்தை மின்னஞ்சலில் பெற்றிருப்பார்கள். அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாக எழுதினால் இழுக்கு வரும்.

எங்கள் துறையில் முன்பு படித்து, இப்போது ஆராய்ச்சி செய்யும் அண்ணன் ஒருவர் என் முதல் படிவத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தக் கருவியில் மாதிரியை யார் வைத்தார்கள்? நீயா, அங்குள்ள உதவியாளரா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கேள்வியே எனக்கு வழி காட்டியது. கருவிகளை இரண்டு தலைப்பில் பிரித்தேன். ‘நானே இயக்கியவை’ என்பதன் கீழ் புற ஊதா–கட்புல நிறமாலைமானி, மைய விலக்கி, மஃபிள் உலை. ‘மாதிரி அனுப்பி முடிவுகளை ஆராய்ந்தவை’ என்பதன் கீழ் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவி, எலெக்ட்ரான் நுண்ணோக்கி. பட்டியல் சற்று ஏழ்மையாகத்தான் தெரிந்தது. ஆயினும் அதில் எந்தச் சொல்லைத் தொட்டுக் கேட்டாலும் பதில் இருந்தது.

ஆய்வேட்டுக்கு மூன்று வரி. துத்தநாக ஆக்சைடு நுண்துகள்களைத் தயாரித்ததும், புற ஊதா ஒளியில் அவற்றைக் கொண்டு மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைச் சிதைத்ததும் என் வேலை. துகளின் பருமன் ‘சுமார் 21 நானோமீட்டர்’ என்று எழுதியிருந்தேன். ஓர் எண்ணை அச்சில் ஏற்றினால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு மாலை உட்கார்ந்து மறுபடி கணக்கிட்டேன்.

ஷெர்ரர் சமன்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கதிரின் அலைநீளத்தை 0.9 என்னும் மாறிலியால் பெருக்கி, முகட்டின் அகலத்தாலும் கோணத்தின் கொசைனாலும் வகுக்க வேண்டும். தாமிரக் கதிரின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர். என் வரைபடத்தின் பெரிய முகடு 36.25 பாகையில் இருந்தது. அதில் பாதிதான் கோணம். முகட்டின் அகலம் 0.40 பாகை. இங்கேதான் பள்ளம். அகலத்தைப் பாகையில் போடக் கூடாது. ரேடியனாக மாற்றி 0.00698 என்று போட வேண்டும். அப்படிப் போட்டால் 20.9 நானோமீட்டர் வருகிறது. பாகையாகவே போட்டுவிட்டால் வருவது 0.36 நானோமீட்டர். துத்தநாக ஆக்சைடின் ஓர் அலகுக் கூட்டின் உயரமே 0.52 நானோமீட்டர். கூட்டைவிடச் சிறிய படிகம் உலகில் ஏது? இப்படிப் பார்த்தால், எண் தவறா சரியா என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். கருவியே தன் பங்குக்கு முகட்டைச் சற்று அகலப்படுத்தும். அதைக் கழிக்காததால் உண்மைப் பருமன் இன்னும் கொஞ்சம் பெரிதாயிருக்கலாம். அதனால்தான் ‘சுமார்’.

இனி அச்சு. எங்கள் வடக்கு வளாகத்திற்கருகே பட்டேல் செஸ்ட் என்னும் இடம் எல்லோருக்கும் தெரியும். வரிசையாக நகல் கடைகள். தில்லி மாணவனின் ஆய்வேடு முழுவதும் அங்கேதான் உடல் பெறுகிறது. அங்கே போகும் முன் விவரத்தாளைப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றிக்கொண்டேன். திருத்தக்கூடிய வேர்டு கோப்பாகவே கொண்டு போனால், நாம் பயன்படுத்திய எழுத்துரு கடைக் கணினியில் இல்லாதபோது அது வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். எழுத்துகள் சற்று அகலும். மதிப்பெண் அட்டவணை நகரும். இரண்டு பக்கம் மூன்றாகி, மூன்றாவதில் கையொப்ப வரி மட்டும் தனியே நிற்கும்.

பி.டி.எஃப். ஆனாலும் இன்னொரு காவல் வேண்டும். சில கடைகளில் அச்சுப்பொறியின் அமைப்பு ஏ4 தாளுக்கு இராமல் ‘லெட்டர்’ அளவுக்கு இருக்கும். ஏ4 என்பது 210 மில்லிமீட்டர் அகலமும் 297 உயரமும் கொண்டது; லெட்டர் தாள் 216-க்கு 279. உயரம் குறைவதால் பொறி பக்கத்தைத் தானே சுருக்கிவிடும், அல்லது அடியை வெட்டிவிடும். நான் நான்கு பக்கமும் 20 மில்லிமீட்டர் ஓரம் விட்டிருந்தேன். முதலில் ஒரே ஒரு பிரதி எடுக்கச் சொல்லி, பையிலிருந்த அளவுகோலை வைத்து ஓரத்தை அளந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “தையற்காரரா?” என்று இந்தியில் கேட்டார். இருபதுக்கு இருபது சரியாக இருந்த பிறகே மற்ற ஆறும் அச்சாயின.

மையையும் சோதிக்க வேண்டும். லேசர் அச்சில் எழுத்து என்பது சூட்டில் தாளோடு உருக்கி ஒட்டிய நெகிழிப் பொடி, ஈரத்துக்கு அசையாது. மை தெளிக்கும் பொறியில் பலவற்றின் மை நீரில் கரையும் சாயம். தில்லியின் ஜூன் மாதத்தில், வியர்த்த கையோடு பேருந்தில் போகிறவனுக்கு இந்த வேற்றுமை சிறிதன்று. முதற் பிரதியின் ஒரு மூலையில் ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், பரவவில்லை. தாள் 100 கிராம் எடையுள்ளது. ஏழும் நேரே அச்சிட்டவை. ஒன்றை அச்சிட்டு ஆறை நகலெடுத்தால் நகலில் மெல்லிய கோடுகள் மங்கும். ஒவ்வொன்றையும் இடது மேல் மூலையில் ஒரே ஊசியால் பிணைத்து, இரண்டாம் பக்கத்தின் தலையிலும் பெயர் வரும்படி செய்திருந்தேன். ஊசி கழன்றாலும் தாள் அனாதையாகாது.

ஏன் ஏழு? விளம்பரம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை விண்ணப்பத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். பேட்டி அறையில் அது தலைவர் முன் இருக்கும். மற்றவர்கள் கையில் ஒன்றும் இராது. குழுவில் ஐந்து பேர் இருக்கலாம் என்று அண்ணன் சொன்னார். ஆக ஐந்து, படிவத்தோடு ஒன்று, என் கைக்கு ஒன்று. இவை தவிர, சான்றிதழ் நகல்களை விளம்பரத்தில் சொன்ன அதே வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அசல்கள் தனி உறையில், அதே வரிசையில்.

காகிதம் முடிந்தது, இனி நாக்கு. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பது எங்கும் முதற்கேள்வி. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். முதற்படி 250 சொற்களுக்கு மேல் போயிற்று. கைப்பேசியில் கடிகாரத்தை ஓட விட்டு உரக்கப் படித்தால் இரண்டு நிமிஷம். ஐந்து பேர் இரண்டு நிமிஷம் வாய் மூடி இருப்பார்களா? வெட்டத் தொடங்கினேன். விவரத்தாளில் கண்ணால் காணக்கூடிய பள்ளி, ஊர், மதிப்பெண் எல்லாம் போயின. எஞ்சியது சுமார் 140 சொல், எழுபது வினாடி.

அதை நான்கு துண்டாக்கினேன். தமிழில் தந்தால் இப்படி இருக்கும்: ‘என் பெயர் கதிரவன், வேதியியலில் எம்.எஸ்ஸி. இவ்வாண்டு முடித்தேன்.’ இது முதல் துண்டு. ‘என் ஆய்வேட்டில் துத்தநாக ஆக்சைடு நுண்துகள்களைத் தயாரித்து, புற ஊதா விளக்கின் கீழ் மெத்திலீன் நீலம் எவ்வளவு விரைவில் சிதைகிறது என்று அளந்தேன்’ என்பது இரண்டாவது. ‘தயாரிப்பையும் நிறமாலை அளவீட்டையும் நானே செய்தேன், படிக அமைப்புக்கு மாதிரி அனுப்பி, வந்த தரவிலிருந்து பருமனைக் கணக்கிட்டேன்’ என்பது மூன்றாவது. ‘உங்கள் திட்டத்தில் ஒளியியல் அளவீடு முதன்மையானது என்று விளம்பரத்தில் கண்டேன், நான் பழகியது அதுவே’ என்பது நான்காவது.

துண்டாக்கியதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்த பேச்சு ரயில் வண்டியைப் போன்றது. நடுவில் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டும் தனியே நிற்கும்படி, முந்தியதைச் சொல்லாமலே அடுத்ததைத் தொடங்கும்படி அமைத்தேன். மதுரை நண்பரை எதிரே உட்கார வைத்து, எங்கே தோன்றுகிறதோ அங்கே குறுக்கிடச் சொன்னேன். அவர் அந்தப் பணியை மட்டற்ற மகிழ்ச்சியோடு செய்தார். பிறகு பேச்சிலுள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் மூன்று கேள்வி எழுதிக்கொண்டேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத சொல் எதுவோ, அதைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன். ‘நானோ தொழில்நுட்பம்’ என்ற அழகான சொல் அப்படித்தான் பலியாயிற்று.

அன்று காலை ஒன்பது மணிக்குப் போனேன். என் எண் 43. சான்றிதழ் மேசையில் மதிப்பெண் பட்டியலைக் கைப்பேசியில் காட்டிய ஒரு பெண்ணைக் காகிதம் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பாவம், வெயிலில் நகல் கடை தேடி ஓடினார்; பத்து மணிக்குள் திரும்பியும் வந்துவிட்டார். என் பெயரைப் பற்றிய கேள்வி எதிர்பார்த்தபடியே வந்தது, விரல் அந்த வரிக்குப் போயிற்று, வேலை முடிந்தது. பேட்டி முடித்து வெளியே வந்த ஒருவர், தம் அறிமுகத்தை நடுவில் நிறுத்திவிட்டதாகவும், மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது எல்லோரும் சிரித்துவிட்டதாகவும் சொல்லி வருந்தினார்.

என் முறை மூன்று மணிக்கு வந்தது. ஐந்து பேர். தலைவர் முன்னால் மட்டும் என் படிவம். “அனுமதித்தால் எல்லோருக்கும் ஒரு பிரதி தருகிறேன்” என்றேன், தலையசைத்தார். இரண்டாம் துண்டு முடிவதற்குள் ஓரத்தில் இருந்த அம்மையார் குறுக்கிட்டார். “சாயம் சிதைந்தது என்கிறீர்கள். துகளின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்ளவில்லை என்று எப்படித் தெரியும்?”

நண்பரோடு பழகிய மூன்று கேள்விகளில் இது முதலாவது. விளக்கை ஏற்றும் முன் கலவையை அரை மணி நேரம் இருட்டில் கலக்கி வைத்ததையும், ஒட்டவேண்டியது அதற்குள் ஒட்டி முடிந்த பிறகு 664 நானோமீட்டரில் எடுத்த அளவையே தொடக்கமாகக் கொண்டதையும் சொன்னேன். “துகள் இல்லாமலே ஒளியில் சாயம் வெளுக்குமே?” என்றார். அதற்கும் தனியே ஒரு குப்பியை அதே விளக்கின் கீழ் வைத்துக் கழித்ததைச் சொன்னேன். பிறகு இன்னொருவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, “21 நானோமீட்டர் என்பது துகளா, படிகமா?” என்றார். ஷெர்ரர் தருவது படிகத்தின் பருமன் என்றும், ஒரு துகளில் பல படிகங்கள் சேர்ந்திருக்கலாம் என்றும், அங்கே ‘படிகம்’ என்று இருப்பதே சரி என்றும் பதில் சொன்னேன். அவர் பேனாவால் தம் பிரதியில் ஏதோ குறித்துக்கொண்டார். கையில் தாள் இல்லாதிருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

இதற்கிடையில் என் மூன்றாம் துண்டு தேவையற்றுப் போயிற்று. கேள்விகளே அதைச் சொல்லிவிட்டன. நான்காவதை மட்டும் இறுதியில் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட இராது.

இரண்டு நாளில் பட்டியல் வந்தது. தேர்வானவர் பெயர் ஒன்று. காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக ‘கதிரவன் எஸ்’. விடுதி அறையைக் காலி செய்து, பெட்டியை மதுரை நண்பரின் அறையில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள், முதலாமவர் வேறிடத்தில் சேர்ந்துவிட்டதால் நீங்கள் வரலாம் என்று மின்னஞ்சல் வந்தது. தங்கையின் முதல் தவணையை அடுத்த மாதம் நான் அனுப்பினேன்.

பேட்டிக்குப் பிறகு கையில் எஞ்சியது ஏழாவது பிரதி மட்டுமே. சங்கத்தின் அலமாரியில், இம்மலரின் பழைய இதழ்களுக்கு அருகே வைத்திருக்கிறேன். வேண்டுவோர் எடுத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கருவிப் பட்டியலை மட்டும் உங்கள் கைகளைக் கேட்டு எழுதுங்கள்.